வார்டன் மேடத்துக்கு: வியாழன் முதல் ஞாயிறு வரை விடுப்பு வேண்டி

புதுச்சேரி, 18.02.2025, செவ்வாய்

வணக்கம் மேடம்.

நான் இரண்டாம் ஆண்டு வேதியியல் கயல்விழி, அறை எண் 14. வரும் வியாழன் (20.02.2025) காலை 7 மணிக்குக் கிளம்பி, ஞாயிறு (23.02.2025) மாலை 6 மணிக்குள் திரும்ப அனுமதி வேண்டும். நேரில் கேட்கலாம் என்று நேற்றும் இன்றும் ஆபீஸ் ரூமுக்கு வந்தேன், நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள். அதனால்தான் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

என் அப்பாயிக்கு வியாழக்கிழமை தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன். அப்பா நாளை சாயங்காலமே காடாம்புலியூரிலிருந்து அழைத்து வந்து சேர்த்துவிடுவார். வியாழன் காலை நான் போய் அவர்களோடு இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை கட்டுப் பிரித்ததும் மூவரும் ஊருக்குப் போகிறோம்.

வீட்டில் அம்மா இருக்கும்போது நீ எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு அம்மாவின் விரல்கள் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் முழுசாகப் போகாது. அந்தக் கையால் ஆபரேஷன் செய்த கண்ணுக்கு மருந்து விட அம்மாவே பயப்படுகிறார். சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை விட வேண்டியிருக்கும் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாவது படிக்கும் என் தம்பிக்குக் கை நடுங்காமல் விடப் பழக்கிக் கொடுத்துவிட்டால், நான் கிளம்பிய பிறகு அவன் பார்த்துக்கொள்வான். வெள்ளி மதியத்திலிருந்து சனி இரவு வரை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

அப்பாயி முழுப் பருப்பையும் உடைந்த பருப்பையும் கண் மூடித் திறப்பதற்குள் பிரித்துப் போடுகிறவர். இப்போது இரண்டும் கலந்துபோகிறது, கூலியில் பிடிக்கிறார்கள். ஐந்தாவது வரை என்னை வளர்த்தது அவர்தான் மேடம். கண் திறக்கும்போது நான் எதிரில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குலதெய்வக் கோயிலில் சித்தி மகளுக்குக் காது குத்துகிறார்கள். ஆபரேஷனுக்காக மட்டும் என்றால் ஞாயிறு விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் ஹாஸ்டலுக்கு வந்துவிட முடியும். மாலை வரை கேட்பது அந்த விசேஷத்துக்காகத்தான். அது வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் மதியமே வந்துவிடுகிறேன், எனக்கு வருத்தம் இல்லை. நவம்பரில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனது உங்களுக்குத் தெரிந்தும், அப்பாவிடம் சொல்லாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினீர்கள். அன்றைக்கு நீங்கள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. அதனால்தான் இந்த முறை எல்லாவற்றையும் முழுசாக எழுதுகிறேன்.

துறைத் தலைவர் என் லீவ் லெட்டரில் இன்று கையெழுத்துப் போட்டுவிட்டார், அதன் போட்டோவைக் கீழே அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பிராக்டிகலை அடுத்த செவ்வாய் மற்ற பேட்ச்சோடு செய்துகொள்ளச் சொன்னார். திங்கள்கிழமை இன்டர்னல் இருக்கிறது, புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போகிறேன்.

இன்று இரவு 8 மணிக்கு மேல் அப்பா உங்களுக்குப் போன் செய்வார். சேர்க்கைப் படிவத்தில் உள்ள அதே எண்தான். அந்த நேரம் உங்களுக்குச் சரிப்படாது என்றால் சொல்லுங்கள், காலையில் பேசச் சொல்கிறேன். வியாழன் காலை டிபன் முதல் ஞாயிறு மதியம் வரை மெஸ்ஸில் எனக்குச் சாப்பாடு வேண்டாம், மெஸ் அக்காவிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு மதியம் காடாம்புலியூரில் பஸ் ஏறி, பண்ருட்டியிலும் கடலூரிலும் மாறி வருவேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் உங்களுக்கு மெசேஜ் போடுகிறேன். பஸ் தாமதமானால் அங்கிருந்தே போன் செய்து சொல்லிவிடுவேன்.

நீங்கள் சம்மதித்தால் நாளை மாலை 5 மணிக்கு வந்து அவுட் பாஸில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் மேடம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாணவி
செ. கயல்விழி
அறை எண் 14