ஒளி மாறும் விண்மீன்களை நோக்குவோரின் இணையவழி மாநாடு: தொடக்க உரை

அனைவருக்கும் வணக்கம்.

டொரோண்டோவில் இந்த ஜனவரிக் குளிரில் பொழுது புலரும் முன்பே எழுந்து வந்திருப்பவர்களுக்குக் காலை வணக்கம். லண்டனில் சாப்பாட்டு வேளையை எங்களுக்குத் தந்திருப்பவர்களுக்கு மதிய வணக்கம். சிங்கப்பூரில் இரவு 8 மணி, சிட்னியில் 11. உங்களுக்கு இரவு வணக்கம். ஆக்லாந்து நண்பர்களே, உங்களுக்கு மணி 1. எங்கள் சனிக்கிழமையை முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில் இருந்துகொண்டு எங்களோடு பேசுகிறீர்கள்!

திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு கட்டத்தில் ஜன்னல் வெயில் பட்டுப் பாதி முகம் வெளுத்திருக்கிறது. அதற்குக் கீழே ஒருவர் சிவப்பு விளக்கொளியில் அமர்ந்திருக்கிறார். ஏன் என்று நமக்குத் தெரியும். தொலைநோக்கியை வெளியே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். இந்தத் திரை வெளிச்சம் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். தெரிந்தும் வந்திருக்கிறீர்கள். மிக்க நன்றி.

தொடக்க நேரத்தை உலக நேரப்படி நண்பகல் 12 மணி என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. நம் பதிவேடுகளில் நாம் எழுதும் ஜூலியன் நாள் இந்த நேரத்தில்தான் மாறுகிறது. நள்ளிரவில் தேதி மாறினால் ஓர் இரவின் குறிப்புகள் இரண்டாகப் பிளந்துவிடும் என்று, நண்பகலில் நாளைத் தொடங்கினார்கள் அந்தக் கால வானியலாளர்கள். ஆகவே உங்கள் சுவர்க் கடிகாரம் என்ன காட்டினாலும், நம் எல்லோருக்கும் சற்று முன்புதான் ஒரே புதிய நாள் பிறந்தது.

நாம் இப்படிச் சிதறி இருப்பது எனக்குக் குறையாகவே தோன்றியதில்லை. அல்கோலை நினைத்துப் பாருங்கள். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அது மங்குகிறது. மங்கி மீள ஏறத்தாழ 10 மணி நேரம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருவரே பார்ப்பது அரிது. ஒன்று விடிந்துவிடும், அல்லது விண்மீன் அடிவானத்தில் இறங்கிவிடும். சிங்கப்பூரில் ஒருவர் மங்கத் தொடங்குவதைக் குறிக்கிறார். அங்கே அது மேற்கே சாயும்போது லண்டனில் இருட்டியிருக்கிறது. அடியாழத்தை லண்டன்காரர் பிடித்துவிடுகிறார். மீண்டு வருவதை டொரோண்டோ எழுதுகிறது. மூவரும் நேரில் சந்தித்ததே இல்லை. ஆனால் வரைபடத்தில் கோடு அறுபடுவதில்லை. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

எல்லா அமர்வுகளும் பதிவாகின்றன. தூக்கம் வந்தால் தூங்குங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம். இரவில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: நடுவில் மேகம் விலகினால் உடனே எழுந்து போங்கள். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். திரும்பி வரும்போது என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

மாநாடு தொடங்குகிறது. முதல் அமர்வுக்குப் போவோம்.