தேர்வு முறை மாற்றம்: 6, 7, 8 ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

கோத்தகிரி
ஜூன் 16

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பாடத்துக்கு 100 மதிப்பெண் என்று ஏப்ரலில் நடக்கும் ஆண்டுத் தேர்வை வைத்தே இதுவரை பிள்ளைகளின் இறுதி மதிப்பெண்ணை முடிவு செய்தோம். இந்த ஆண்டு முதல் 60 மதிப்பெண் வாராந்திரக் குறுந்தேர்வுகளிலிருந்து வரும். ஏப்ரலில் ஒன்றரை மணி நேரத் தேர்வு ஒன்று இருக்கும், அதற்கு 40.

காரணத்தை ஒரு கணக்கை வைத்தே சொல்லிவிடலாம். 1/2 + 1/3 எவ்வளவு என்றால், 2/5 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாகக் கூட்டிவிடுகிறார்கள். அரையில் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைவாக எப்படி வரும் என்று யோசிப்பதில்லை. விடை 5/6. ஜூலையில் இது தெரிந்தால் இரண்டு பாடவேளையில் சரிசெய்துவிடலாம். ஏப்ரல் விடைத்தாளில் தெரிந்தால் சிவப்பு மையில் சுழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குள் அந்தப் பிழையின் மேலேயே இயற்கணிதமும் ஏறி உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, ஞாபகம். திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைச் சிலர் மறுபடி வாசித்தார்கள். சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. முதல் நாள் இரவு படித்து மறுநாள் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் வந்தும் பாடம் ஏன் தங்குவதில்லை என்பது இதிலேயே புரியும்.

நடைமுறை இப்படி. திங்கள் தமிழ், செவ்வாய் ஆங்கிலம், புதன் கணக்கு, வியாழன் அறிவியல், வெள்ளி சமூக அறிவியல். ஒரு நாளில் இரண்டு தேர்வு வராது. பனிமூட்டத்தில் சோலூர்மட்டம், கீழ்க்கோத்தகிரிப் பக்கத்துப் பஸ்கள் தாமதமாவதால் முதல் பாடவேளையில் வைக்கமாட்டோம், மூன்றாவதில் வைப்போம். பத்து நிமிடம், பத்து மதிப்பெண். பத்துக் கேள்விகளில் ஆறு அந்த வாரப் பாடம், மூன்று போன மாதப் பாடம், ஒன்று அதற்கும் முந்தையது. கணக்குக்கு மட்டும் ஐந்து கேள்வி. அதில் இரண்டு பழைய பாடம். பக்கத்தில் உட்காருபவர்களுக்கு வேறு வேறு தாள். மறுநாளே திருத்திக் கொடுத்து, அதிகம் பேர் தவறவிட்டதை அந்த வகுப்பிலேயே மீண்டும் நடத்துவோம். வகுப்பில் மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்கமாட்டோம், ரேங்கும் போடமாட்டோம்.

மழை விடுமுறை விட்டால் அந்த நாளின் தேர்வு அடுத்த வாரத்துக்குப் போகும். இரண்டாகச் சேர்த்து வைக்கமாட்டோம். ஆண்டு முடிவில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்த மதிப்பெண் வந்த ஐந்து தேர்வுகளை விட்டுவிட்டு, மற்றவற்றின் சராசரியை 60க்கு மாற்றுவோம். காய்ச்சலில் வராத நாளும் அந்த ஐந்தில் அடங்கும்.

முதல் மூன்று நான்கு வாரம் மதிப்பெண் இறங்கும். பழைய பாடமும் கலந்து வருவதுதான் காரணம். பயப்படவேண்டாம், திட்டவும் வேண்டாம். பத்துக்கு நாலு என்றால் ஆறு இடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இதற்காகத் தனியாக டியூஷன் சேர்க்காதீர்கள். தினமும் ஒரு தேர்வுக்கு இரவெல்லாம் படிக்கவைத்தால் பழைய பரீட்சை பயமே வாரம் ஐந்து முறை வந்தமாதிரி ஆகிவிடும்.

குறுந்தேர்வால் எல்லாம் ஆகாது. கட்டுரை, வரைபடம், நீண்ட விடை எழுதுவதைப் பத்து நிமிடத்தில் பார்க்க முடியாது. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு காத்திருக்கிறது. நெடுநேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கமும் வேண்டும். ஏப்ரல் தேர்வை முழுவதும் எடுக்காமல் விட்டது அதனால்தான்.

வீட்டில் செய்யவேண்டியது ஒன்றே. இலை பறித்துவிட்டு வந்து களைத்திருந்தாலும் ஐந்து நிமிடம் போதும். புத்தகத்தை மூடச்சொல்லி, "இன்னைக்கு என்ன நடத்துனாங்க?" என்று கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்கத் தேவையில்லை. படுகு பேசும் வீடுகளில் பிள்ளை படுகிலேயே சொல்லட்டும். மனப்பாடம் செய்ததை வேறு மொழியில் சொல்ல வராது, புரிந்திருந்தால் வரும். தடுமாறினால் அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறக்கட்டும்.

தேர்வுத் தாள்கள் ஒரு கோப்பில் இருக்கும். மாதத்தின் கடைசி வெள்ளியன்று வீட்டுக்கு வரும். பார்த்துக் கையெழுத்திட்டுத் திங்களன்று அனுப்பிவிடுங்கள். கேள்வி இருப்பவர்கள் ஜூன் 28, சனிக்கிழமை காலை 10.30க்குப் பள்ளிக்கு வரலாம். அன்று வேலைக்குப் போகவேண்டியவர்கள் வகுப்பாசிரியரிடம் சொன்னால் மாலை வேறொரு நாள் பேசலாம்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியரும் 6, 7, 8 ஆம் வகுப்பு ஆசிரியர்களும்