யாழினியின் பிறந்தநாளுக்கு வாருங்கள்!

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். உங்கள் வீட்டுக் குழந்தையுடன் ஒன்றாம் வகுப்பில் படிக்கும் எங்கள் யாழினிக்கு 6 வயது நிறைகிறது. ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை மாலை, கோவை சாய்பாபா காலனியில் உள்ள எங்கள் வீட்டுக்கு உங்கள் குழந்தையை அவசியம் அனுப்பிவையுங்கள். யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று அவள் இப்போதே தாளில் பெயர் எழுதி, நாற்காலிகளில் ஒட்டிவிட்டாள்.

மாலை 4 மணிக்கு ஆரம்பம். முதலில் விளையாட்டு, சரியாக 5 மணிக்குக் கேக் வெட்டுகிறோம். 5.30க்குச் சிற்றுண்டி. மறுநாள் பள்ளி இருப்பதால் 6.30க்கு முடித்துவிடுவோம். தூறல் போட்டாலும் கவலை வேண்டாம், எல்லாம் வீட்டுக்குள்தான். மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவிடுவோம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு குழந்தைக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. அதனால் அன்று எங்கள் சமையலறையில் நிலக்கடலை, முந்திரி, பாதாம், பிஸ்தா எதுவும் இருக்காது. கடலை எண்ணெயும் இல்லை. கடையில் வாங்கினால் வேறு கேக்குகளின் பருப்புத் தூள் கலந்துவிடலாம் என்பதால், கேக்கை முட்டை சேர்க்காமல் நானே வீட்டில் செய்கிறேன். அதில் பாலும் மைதாவும் உண்டு. மினி இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி, காய்கறி கட்லெட், மாதுளைச் சாறு ஆகியவை மற்றவை. எல்லாம் சைவம்.

பால், கோதுமை, எள், நிறமிகள், பலூன் ரப்பர் என எது ஒவ்வாவிட்டாலும் எனக்குத் தனியாக எழுதுங்கள். லேசான தடிப்புதானே என்று விட்டுவிடாதீர்கள். சாப்பிட்டால் என்ன ஆகும், என்ன மருந்து, எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்தைக் குழந்தையின் பையில் வைக்காமல் என் கையில் கொடுங்கள். நீங்களும் கூடவே இருக்க விரும்பினால் மிகவும் மகிழ்ச்சி, உங்களுக்கும் காபி தயாராக இருக்கும். குழந்தைகள் கையில் தின்பண்டம் கொடுத்துவிட வேண்டாம்; பகிர்ந்து சாப்பிடும் வயது இது. பரிசும் தேவையில்லை, அவர்கள் வந்தாலே போதும்.

திரும்ப அழைத்துச் செல்ல 6.30க்குள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுங்கள். குழந்தைகளைத் தனியாகக் கீழே அனுப்ப மாட்டோம். தாத்தா, சித்தி, வழக்கமான ஆட்டோக்காரர் என வேறு யாராவது வருவதாக இருந்தால், அவருடைய பெயரையும் கைப்பேசி எண்ணையும் அன்று மதியத்துக்குள் அனுப்பிவிடுங்கள். சொல்லாமல் யார் வந்தாலும், தெரிந்த முகமாகவே இருந்தாலும், உங்களிடம் பேசிய பிறகுதான் அனுப்புவேன். தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழியில் தாமதமானால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நீங்கள் வரும்வரை குழந்தை எங்களுடன் விளையாடிக்கொண்டிருக்கும்.

தம்பி, தங்கை வந்தாலும் சந்தோஷம்தான். எத்தனை பேர் என்று மட்டும் ஜூலை 9, வியாழக்கிழமைக்குள் இதே எண்ணில் தெரிவியுங்கள். வீட்டுக்கு வழி காட்டும் வரைபடத்தை அடுத்த செய்தியில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
யாழினியின் அம்மா, அப்பா