ஒரு கை நீட்டினால் போகலாம்

எங்கள் ஸ்டேஷனில் அவரைக் கார்டு தாத்தா என்றுதான் சொல்வோம். 2022-இல் ரயில்வே அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றியது. அவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டதால், மேனேஜர் தாத்தா என்று யாரும் கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை. கூப்பிட்டாலும் திரும்பியிருக்க மாட்டார்.

அன்றைக்குக் காலை நான் டூட்டி ஸ்டேஷன் மாஸ்டர். பேத்தியைக் கல்லூரிக்கு அனுப்ப, ஒரு பெட்டியையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது, ஆனால் கார்டாக இருந்தவர் வேறு எப்படி வருவார்?

"தாத்தா, இன்னைக்காவது ஒழுங்கா டாட்டா காட்டணும்" என்று அந்தப் பெண் ஆரம்பித்தது. "அப்பா வெளியூர் போனப்ப கையை நீட்டிக்கிட்டு சிக்னல் கம்பம் மாதிரி நின்னீங்களாமே, அம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது, அந்தப் பெண்ணுக்குத்தான் புரிய வழியில்லை. பகலில் கையில் கொடி இல்லாவிட்டால் கையாலேயே சிக்னல் காட்டலாம் என்று எங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கிறது: ஒரு கையை ஆடாமல் நீட்டினால் போகலாம், அதே கையை மேலும் கீழும் அசைத்தால் காஷன், அதாவது பார்த்து மெதுவாகப் போ, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் நில். வேலை பார்த்த காலம் முழுக்க வண்டியின் கடைசியில் கார்டுக்கான பிரேக் வேனில் நின்று இதையே பார்த்தும் காட்டியும் வந்த மனுஷனிடம் போய் பிளாட்பாரத்தில் கையை ஆட்டு என்றால், பாவம், என்ன செய்வார்.

"நான் நீட்டினா நல்லபடியா போயிட்டு வான்னு அர்த்தம்மா."

"எனக்கு அது தெரியாதே தாத்தா. ஆட்டுங்க."

வண்டி வந்தது. இரண்டு நிமிஷம்தான் நிறுத்தம். அவளை ஏற்றிவிட்டு, பைகளை ஜன்னல் ஓரம் தள்ளி வைத்துவிட்டு இறங்கியவர், பழக்கம் விடாமல் சக்கரங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார். எங்கேயாவது புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று. ஒன்றும் இல்லை போல, நிமிர்ந்து நின்றார். வண்டி புறப்பட ஸ்டார்ட்டர் சிக்னல் விழுந்தது, கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு, சின்னப் பையன், விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்ட, முன்னால் ஹாரன் கேட்டது.

நான் என் பச்சைக் கொடியோடு நின்றேன். பத்தடி தள்ளி அவர் வழக்கம்போல வலது கையை நீட்டினார், தோள் மட்டத்தில், கொஞ்சமும் ஆடாமல். பேத்தியின் ஜன்னல் நெருங்கியது. அவள் கம்பிக்கு வெளியே கையை விட்டு ஆட்டிக்கொண்டே ஏதோ கத்தினாள். அப்போதுதான் அவர் கை மேலே போனது, கீழே வந்தது. மறுபடியும் மேலே, கீழே. சாதாரணமாக டாட்டா காட்டுகிறவர்கள் மணிக்கட்டைத்தான் ஆட்டுவார்கள், இவர் தோளிலிருந்து முழுக் கையையும் ஆட்டினார், ஜன்னல் தாண்டிப் போன பிறகும் நிறுத்தவே இல்லை.

என் வாக்கி டாக்கி அலறியது, கடைசிப் பெட்டிக் கார்டுதான். "மாஸ்டர் சார், பிளாட்பாரத்துல ஒருத்தர் காஷன் காட்டுறாரே, என்ன விஷயம்? வண்டியில ஏதாவது பார்த்தாரா?"

"ஒண்ணும் இல்ல சார், வண்டி ஆல் ரைட். நம்ம ரிட்டயர்டு கார்டுதான், பேத்தி போறாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிரேக் வேன் எங்களைக் கடந்தபோது அந்தப் பையன் எனக்குக் காட்டிய கொடியை மடக்காமல் அப்படியே அவர் பக்கமும் காட்டிக்கொண்டு போனான். அவர் சட்டென்று கையை நிறுத்தி, நேராக நீட்டிப் பதில் கொடுத்தார். அப்புறம் என்னிடம் வந்து, "ரெஜிஸ்டர்ல எழுதிடாதீங்க சார், தப்பு என்னுதுதான்" என்றார்.

"அதெல்லாம் எதுக்கு எழுதப் போறேன், உட்காருங்க."

அறைக்குள் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். வீட்டுக்குப் போகிற மாதிரி தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த ஸ்டேஷன் போன் அடித்ததும் எனக்கு முன்னால் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"வண்டி வந்து சேர்ந்துடுச்சாம்" என்றேன், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு.

"கடைசிப் பெட்டியில எல்வி போர்டு பார்த்தாங்களான்னு கேளுங்க."

கேட்டேன். இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்டும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டார்களாம், வண்டி முழுசாக வந்துவிட்டதாம். சொன்னதும் தலையாட்டிவிட்டு, வெளியே கழற்றி வைத்திருந்த செருப்பைத் தேடப் போனார்.