எட்டு மணி நேரம்

ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று புதுச்சேரி முதலியார்பேட்டையில் உள்ள அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு தாமதமாகும். மில் தியாகிகளுக்கு மாலை போட்டுவிட்டு, பழைய தோழர்களுடன் பேசி முடித்து வேதாசலம் வீடு திரும்பும்வரை யாரும் தட்டு எடுப்பதில்லை. இந்த முறை சென்னையிலிருந்து மகள் மல்லிகாவும் வந்திருந்ததால், அவர் மனைவி அஞ்சலை ஆயா வஞ்சிரம் வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்திருந்தாள்.

ஆண்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஆண் என்பது ஏழு வயது மாறன். அவனைவிட நான்கு வயது மூத்த யாழினி குழம்புச் சட்டியுடன் நின்றாள். ஆயா அவள் முழங்கையைப் பிடித்துச் சரிசெய்தாள்.

"கரண்டியை அடிவரை விட்டு எடு. நடுத்துண்டு தாத்தாவுக்கு, அடுத்தது அப்பாவுக்கு, முள் இல்லாததாகப் பார்த்துத் தம்பிக்கு. போதுமா என்று கேட்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றுதான் கேட்க வேண்டும்."

யாழினி அப்படியே கேட்டாள். மாறன் தலை நிமிராமல் தட்டை மட்டும் நகர்த்தினான். அப்படி நகர்த்த அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தன் அப்பா சேகரைப் பார்த்தே பழகியிருந்தான். மல்லிகாவுக்கு அந்தக் கரண்டிப் பாடம் வரி மாறாமல் நினைவிருந்தது. யாருக்குக் குழம்பு கெட்டியாக வேண்டும், யாருக்கு அப்பளம் நொறுங்கக் கூடாது என்றெல்லாம் பத்து வயதிலேயே அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு எது பிடிக்கும் என்று அந்த வீட்டில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

வேதாசலம் வழக்கம்போல் பேரனுக்குக் கதை சொல்லத் தொடங்கினார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் மில்லுக்குள் போனால் எப்போது வெளியே வருவோம் என்றே தெரியாது என்பதையும், 1936இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்ததையும், அன்றைக்குத் தன் அப்பா உயிரோடு திரும்பியதையும், அதற்குப் பிறகே எட்டு மணி நேர வேலை சட்டமானதையும் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பல்ல. மில்லில் சங்கத்துக்காகச் சம்பளத்தை இழந்தவர் அவர்.

"யாழினி, நீயும் உட்கார்ந்து சாப்பிடு. தாத்தா சொல்வது உனக்கும்தான்" என்றாள் மல்லிகா.

"அவள் அப்புறம் எங்களோடு சாப்பிடுவாள்" என்றாள் ஆயா.

"மாறா, ஒரு கணக்கு. ஆயா காலை ஐந்து மணிக்கு எழுந்தாள். இப்போது மணி ஒன்பதே கால். எத்தனை மணி நேரம்?"

மாறன் விரல்விட்டு எண்ணினான். "பதினாறே கால், அத்தை."

வேதாசலத்தின் கை தட்டிலேயே நின்றது. "வீட்டு வேலையும் மில் வேலையும் ஒன்றா? இங்கே யார் முதலாளி?"

அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. "வருஷத்துக்கு ஒருமுறை வருகிறாய், வந்த இடத்தில் இது தேவையா?" என்று சேகர் தங்கையை அதட்டினான். இந்தப் பேச்சுக்கான விலையை நாளைக் காலை அடுப்படியில் தானே கொடுக்க வேண்டியிருக்கும் என்று அறிந்த அவன் மனைவி கலா, அப்பளத் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மருமகளின் அந்தக் கணக்கை மல்லிகா போடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கோபம் வந்தது ஆயாவுக்குத்தான், அதுவும் மகள்மேல். "நான் உன்னிடம் அழுதேனா? இந்த வீட்டை எந்த வருஷம் கட்டுவது, யாருக்கு யாரைக் கட்டிவைப்பது என்று எதிலும் என்னைக் கேட்டவர் கிடையாது. என் பேச்சு செல்லுகிற இடம் அந்த அடுப்படி ஒன்றுதான். அதையும் பங்கு போட வந்துவிட்டாயா? இவள் நாளைக்குப் போகிற வீட்டில் கரண்டி பிடிக்கத் தெரியாமல் நின்றால், பேச்சு வாங்கப்போவது நீ அல்ல, நான்."

"கரண்டி பிடிக்கட்டும் அம்மா. மாறனும் பிடிக்கட்டும்."

"ஆம்பிளைப் பிள்ளையா?" என்று சிரித்தார் வேதாசலம். "மில்லில் வேலை முடிந்தால் சங்கு ஊதும். இங்கே யார் ஊதுவது?"

"ஊதினால் மட்டும் நீங்கள் எழுந்து இடம் விடுவீர்களா, அப்பா?"

அவர் மனைவியைப் பார்த்தார். இத்தனை வருடங்களாக எல்லா வாக்குவாதங்களிலும் அவருக்குத் துணையாக வந்த பதில் ஏதாவது அவளிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்தது போலிருந்தது.

ஆயா யாழினியின் கையிலிருந்து சட்டியை வாங்கித் தரையில் வைத்தாள்.

"சீக்கிரம் சாப்பிட்டு எழுந்திருங்கள். எனக்குப் பசிக்கிறது."