பாப்பாவுக்குக் காய்ச்சல், வயித்துப்போக்கு – புதன் காலை 11.20

வணக்கம் டாக்டர். உங்ககிட்ட பிறந்ததுல இருந்து காட்டுற பெண் குழந்தை, வயசு 7 மாசம் 10 நாள். போன மாசம் உங்க கிளினிக்ல எடை 7.4 கிலோ. காய்ச்சலைவிட அவ ஒண்ணுக்குப் போகாததுதான் எனக்குப் பயமா இருக்கு. கடைசியாப் போனது இன்னிக்கு காலை 5.30க்கு, அதுவும் கொஞ்சமா, நல்ல மஞ்சளா. கிட்டத்தட்ட 6 மணி நேரமா டயப்பர் ஈரமே இல்ல.

நேத்து சாயங்காலம் 4 மணிக்கு உடம்பு கதகதன்னு இருந்துச்சு. 7 மணிக்கு அக்குள்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தா 100.8. தடுப்பூசி அப்போ நீங்க எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் டிராப்ஸ் 1 மில்லி 7.15க்குக் கொடுத்தேன், 9 மணிக்கு 99.2. ராத்திரி 2.10க்கு 102.4. 2.20க்கு மறுபடி 1 மில்லி. அஞ்சு நிமிஷத்துல பாதியைக் கக்கிட்டா, திரும்பக் கொடுக்கலாமான்னு தெரியாம விட்டுட்டேன். காலை 8.30க்கு 101.6, மூணாவது தடவை மருந்து. 10.30க்கு 99.8.

வழக்கமா பகல்ல மட்டும் 6, 7 தடவை தாய்ப்பால் குடிப்பா, ஒவ்வொண்ணும் கால் மணி நேரம். நேத்து ராத்திரியிலிருந்து மொத்தமே 4 தடவை. மூக்கடைப்புனால ரெண்டு நிமிஷம் சப்பிட்டு விட்டுட்டு அழறா. ராகிக் கூழ் அரை டம்ளர் சாப்பிடுறவ இன்னிக்கு 3 ஸ்பூனோட வாயை மூடிக்கிட்டா. 9 மணிக்கு ஒரு தடவை பால் வாந்தி.

காலை 6 மணியிலிருந்து 3 தடவை தண்ணியா வெளிக்குப் போயிருக்கா, பச்சை கலந்த மஞ்சள். ரத்தம், சளி இல்ல. கடைசி டயப்பரோட போட்டோ கீழே இருக்கு. தண்ணியாப் போனதுல ஒண்ணுக்கும் கலந்திருக்குமோன்னு யோசிச்சேன், ஆனா நடுவுல மாத்தின ரெண்டு டயப்பரும் காஞ்சே இருந்துச்சு.

தூங்கும்போது முழுசா ஒரு நிமிஷம் எண்ணினேன், மூச்சு 44. நெஞ்சு உள்ள இழுக்கல. உடம்புல தடிப்பு இல்ல. உச்சிக்குழி பள்ளமா இல்ல. அழும்போது கண்ணீர் வருது, ஆனா நாக்கு கொஞ்சம் வறண்ட மாதிரி தெரியுது. கூப்பிட்டா பார்க்கிறா, சிரிக்கல, தோள்லயே கிடக்கிறா.

பெரியவனுக்கு சனிக்கிழமையிலிருந்து சளி. பாப்பாவோட அப்பாவுக்குச் சின்ன வயசுல காய்ச்சல்ல ஃபிட்ஸ் வந்திருக்கு, அதனால ராத்திரி 102 பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. பாப்பாவுக்கு இதுவரை வந்ததில்ல, மருந்து அலர்ஜியும் இல்ல. பல் முளைக்கிற காய்ச்சல்தான்னு அத்தை சொல்றாங்க, எனக்கு மனசு கேட்கல.

சாயங்கால ஓபி வரைக்கும் காத்திருக்கலாமா, இல்ல இப்பவே கிளம்பி வரணுமா டாக்டர்? ஆட்டோல வர 40 நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் தாய்ப்பாலோட ஓஆர்எஸ் ஸ்பூன்ல கொடுக்கலாமா, எவ்வளவு? 12 மணி வரைக்கும் பதில் வரலைன்னாலோ, அதுக்குள்ள இன்னும் சோர்ந்துட்டாலோ, பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுறேன்.