பராபவ வருடப் புதுக்கணக்கு: எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் புத்தாண்டு வாழ்த்துகள்

உ
லாபம்

செல்லையா மளிகை, கீழமாசி வீதி, மதுரை
பராபவ வருடம், சித்திரை 1 (14.4.2026, செவ்வாய்க்கிழமை)

அன்புள்ள வாடிக்கையாளர்களே, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம். இனிய தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள்.

காலை 9 மணிக்கு எமகண்டம் பிறப்பதற்கு முன்பே கடையில் பூஜை முடிந்துவிட்டது. புதுப் பேரேட்டுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் மஞ்சள், இரண்டாம் வரியில் உப்பு என்று எழுதியாயிற்று. அரிசியில் முதல் படியை வழக்கம்போல "லாபம்" என்று சொல்லித்தான் அளந்தோம். ஆடிட்டருக்குக் கொடுக்கிற கணக்கு ஏப்ரல் 1ஆம் தேதியே கம்ப்யூட்டரில் மாறிவிட்டது. அது அரசாங்கத்துக்கான கணக்கு. நமக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு இந்தப் பேரேடுதான்.

இந்த வருடம் எங்களுக்குக் கொஞ்சம் விசேஷம். அப்பா இந்தக் கடையைத் தொடங்கியது 1966இல், அதுவும் பராபவ வருடம். அறுபது வருடச் சுற்று முடிந்து அதே பெயருள்ள வருடத்தில் மறுபடி புதுக்கணக்கு எழுதுகிறோம். அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. கையில் காசு இருந்தாலும் மூட்டை கிடைக்காது என்று அப்பா சொல்வார். அப்போது எங்களிடம் பற்று வைத்த குடும்பங்களில் சிலர் இன்றும் வருகிறார்கள். தாத்தா பெயரில் இருந்த பக்கம் பேரன் பெயருக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவர்களுக்குத் தனியாக என்ன நன்றி சொல்வது! நேரில் வாருங்கள், ஒரு டம்ளர் பானகம் குடித்துவிட்டுப் போங்கள்.

பானகமும் நீர்மோரும் சுண்டலும் இரவு கடை சாத்தும் வரை எல்லோருக்கும் உண்டு. இன்று வருகிறவர்களுக்கு ஒரு மஞ்சப்பையில் வேப்பம்பூவும் ஒரு அச்சு வெல்லமும் வைத்துத் தருகிறோம். மாங்காய் மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டால் பச்சடி ஆகிவிடும். மாலை 3 முதல் 4.30 வரை ராகு காலம். அதைப் பார்ப்பவர்கள் முன்னாலோ பின்னாலோ வரலாம். பார்க்காதவர்களுக்குக் கடை திறந்தேதான் இருக்கும்.

போன மாதம் ரம்ஜான் பெருநாளுக்கும், இந்த மாதத் தொடக்கத்தில் ஈஸ்டருக்கும் எங்களிடம் சாமான் வாங்கிய குடும்பங்களும் அவசியம் வர வேண்டும். புதுக்கணக்கில் உங்கள் பக்கமும் இருக்கிறது.

அப்புறம், பாக்கி விஷயம். நல்ல நாளும் அதுவுமாக இதைச் சொல்வதா என்று நினைக்காதீர்கள். சொல்ல வேண்டிய நாளே இதுதான். பழைய பேரேட்டில் நிலுவை உள்ளவர்கள் முடிந்ததைக் கட்டி வரவு வைத்துக்கொண்டால் புதுப் பக்கம் சுத்தமாகத் தொடங்கும். முழுவதும் முடியாது என்றால் நூற்றியொரு ரூபாய் கொடுத்தாலும் சரி, மஞ்சள் குங்குமத்தோடு வரவு வைப்போம். மீதியைப் புதுக்கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம், அதற்கு வட்டி கிடையாது. மருத்துவச் செலவு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று நெருக்கடியில் இருப்பவர்கள் கூச்சப்பட்டுக் கடைப் பக்கம் வராமல் இருந்துவிடாதீர்கள். தம்பியிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாக்கி இருக்கிறது என்று யாருக்கும் இன்று மஞ்சப்பை இல்லாமல் போகாது.

மாதப் பற்று வைத்திருப்பவர்கள் பழைய சிறு நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். பேரேட்டோடு ஒத்துப்பார்த்து, புது நோட்டில் உங்கள் கண்முன்னே தொகையை எழுதித் தருகிறோம். எங்கள் கணக்கில் தவறு இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள். ஆடி மாதம் கேட்டால் சிட்டையைத் தேட வேண்டியிருக்கும்.

புதுப் புளி வந்திருக்கிறது. கொட்டை எடுத்ததும் உண்டு, எடுக்காததும் உண்டு. வருடத்துக்கு வாங்கி உப்புப் போட்டுப் பானையில் வைப்பவர்கள் இந்த வெயிலிலேயே வாங்கிக் காயவைத்துக்கொள்வது நல்லது. இராமநாதபுரம் முண்டு வற்றலும் வந்துவிட்டது. வடகம், வற்றல் போடுகிறவர்களுக்கு ஜவ்வரிசி போதுமான அளவு இருக்கிறது.

சித்திரைத் திருவிழாத் தேரோட்டத்தன்று மாசி வீதியில் வண்டி வராது என்பது உங்களுக்குத் தெரியும். அன்று காலை கடை இருக்காது, தேர் நிலைக்கு வந்த பிறகு திறப்போம். வீட்டுக்குச் சாமான் அனுப்ப வேண்டியவர்கள் முந்தின நாளே சீட்டுக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், கையில் நாலு காசு புழங்க, நிறைவாக இருக்க வேண்டும் என்று மீனாட்சி அம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செ. சுந்தரபாண்டி, தம்பி, கடைப் பிள்ளைகள்